ஆழமில்லாத பருத் தழும்புகள்: மசாஜ், சிலிகோன், சிகிச்சை ஆகியவற்றால் எது மாறும், எது மாறாது

என் கன்னத்தில் இருப்பது தழும்பா, வெறும் கறையா? எப்படிக் கண்டுபிடிப்பது?

இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டு, கைபேசியின் டார்ச்சைக் காதோரமாகப் பிடித்து, வெளிச்சம் கன்னத்தின் மேல் சாய்வாக விழும்படி செய்து கண்ணாடியில் பாருங்கள். பள்ளம் இருக்கும் இடத்தில் ஒரு பக்க விளிம்பில் மெல்லிய நிழல் விழும். மேடாக இருக்கும் இடம் டார்ச்சுக்கு எதிர்ப்பக்கம் நிழல் தரும். நிழலே இல்லாமல் நிறம் மட்டும் வேறுபட்டால் அது தழும்பு அன்று. பரு ஆறிய இடத்தில் தங்கிவிட்ட கருமை அல்லது சிவப்பு மட்டுமே. மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் இந்தக் கருமை அழுத்தமாகத் தெரியும் என்பதால், தங்கள் முகம் முழுவதும் தழும்பு என்று நினைத்து வருபவர்களில் பலருக்கு உண்மையில் இருப்பது பெரும்பாலும் கறைதான். வெயில் படாமல் காத்துக்கொண்டு, புதுப் பருக்களையும் கட்டுப்படுத்தினால், அது சில மாதங்களில் மங்கத் தொடங்கும். கறை ஆழமாக இறங்கியிருந்தால் ஓராண்டுக்கு மேலும் ஆகலாம்.

நிழல் விழுந்தால் இரண்டாவது சோதனைக்குப் போகலாம். பள்ளத்தின் இருபுறமும் ஆட்காட்டி விரல்களை வைத்துத் தோலை மெதுவாக விரித்துப் பாருங்கள். விரிக்கும்போது பள்ளம் மறைந்துவிட்டால் அதன் அடித்தளம் இன்னும் நெகிழ்வாக இருக்கிறது என்று பொருள். எவ்வளவு விரித்தாலும் ஊசியால் குத்தியது போன்ற துளை அப்படியே நின்றால் அது வேறு வகை.

"ஆழமில்லாத பள்ளம்" என்று எதைச் சொல்கிறார்கள்?

தோல் மருத்துவத்தில் 2001இல் வகுக்கப்பட்ட ஒரு பகுப்பை இன்றும் பின்பற்றுகிறார்கள். அதன்படி பள்ளத் தழும்புகள் மூன்று வகைப்படும். முதல் வகை 2 மில்லிமீட்டருக்கும் குறைந்த வாயுடன் கூம்புபோல் ஆழத்துக்கு இறங்கும் குத்துத் துளை. இரண்டாவது, பெட்டியை அழுத்தி எடுத்ததுபோல் நேரான சுவருடன் இருக்கும் குழி. அம்மைத் தழும்பைப் பார்த்தவர்களுக்கு இந்த வடிவம் தெரியும். இதில் 0.1 முதல் 0.5 மில்லிமீட்டர் வரை ஆழமுள்ளவற்றையே ஆழமில்லாதவை என்கிறோம். மூன்றாவது, 4 மில்லிமீட்டருக்கு மேல் அகலமாக, ஓரம் தெளிவில்லாமல் அலைபோல் இறங்கி ஏறும் பள்ளம். இதன் அடியில் நார் இழைகள் தோலைக் கீழ்நோக்கிப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கும்.

இந்தப் பக்கத்தில் பேசுவது முக்கியமாக ஆழமில்லாத பெட்டிக் குழியையும் அலைப் பள்ளத்தையும் பற்றித்தான். வீட்டுப் பராமரிப்பாலும் எளிய சிகிச்சைகளாலும் ஓரளவு பலன் காணக்கூடியவை இவை.

தினமும் பத்து நிமிடம் மசாஜ் செய்தால் பள்ளம் மேலே வந்துவிடுமா?

வராது. பருவின் வீக்கம் தோலின் நடு அடுக்கில் இருந்த கொலாஜனைக் கரைத்துவிட்டு, அந்த இழப்பு முழுமையாக ஈடுசெய்யப்படாமல் ஆறியதால்தான் பள்ளம் ஏற்பட்டது. அங்கே குறைவாக இருப்பது தோலைத் தாங்கும் திசு. மேலிருந்து விரலால் தேய்ப்பது அதை உருவாக்காது, அடியில் இழுத்துப் பிடித்திருக்கும் நாரையும் அறுக்காது.

ஆனாலும் மசாஜ் செய்தவுடன் முகம் சமமாகிவிட்டதுபோல் தெரிவது உண்மை. தேய்த்ததால் இரத்த ஓட்டம் கூடி, தோலில் சற்று நீர் கோத்து, பள்ளத்தின் ஓரம் மழுங்கிவிடுகிறது. அடுத்த நாள் காலையில் பக்கவாட்டு வெளிச்சத்தில் பார்த்தால் நிழல் பழைய இடத்திலேயே இருக்கும். இந்தத் தற்காலிக வீக்கத்தைப் பலன் என்று நம்பி மாதக்கணக்கில் கன்னத்தைத் தேய்ப்பவர்களை நினைத்து எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஏனென்றால் அதற்கு ஒரு விலை உண்டு. பரு இன்னும் வந்துகொண்டிருக்கும் முகத்தில் எண்ணெய் விட்டுத் தேய்த்தால் துளைகள் அடைபட்டு, அழுத்தத்தால் பருக்கள் உள்ளேயே உடைந்து, புதுத் தழும்புகள் உருவாகலாம். நம் நிறத் தோலில் தொடர்ந்த உராய்வே கருமையை வரவழைக்கும்.

மசாஜுக்கு உரிய இடம் மேடான தழும்பு. தாடை ஓரத்திலோ தோளிலோ பரு ஆறியபின் தடித்துக் கெட்டியாக நிற்கும் தழும்பின் மேல், மணமில்லாத ஈரப்பதக் க்ரீம் சிறிது தடவி, விரல் நுனியால் தோலின் நிறம் வெளிறும் அளவுக்கு அழுத்தி, வட்டமாகவும் குறுக்கு நெடுக்காகவும் நகர்த்த வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு அல்லது மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஐந்து நிமிடம் போதும். விரல் தோலின் மேல் வழுக்கி ஓடக் கூடாது. தோலையும் சேர்த்து நகர்த்த வேண்டும். இதற்கும் உறுதியான ஆய்வுச் சான்று அதிகம் இல்லை. தழும்பு இளகுவதும் அரிப்பு குறைவதும் எதிர்பார்க்கக்கூடியவை. மேடு முழுவதும் கரைந்து போகும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

சிலிகோன் ஜெல் தழும்பைப் போக்கும் என்கிறார்களே, பருக் குழிக்குத் தடவலாமா?

சிலிகோன் தோலுக்குள் ஊறிப்போய் வேலை செய்வதில்லை. தழும்பின் மேல் மெல்லிய போர்வைபோல் படிந்து, நீர் ஆவியாவதைத் தடுக்கிறது. மேல் தோல் ஈரமாக இருந்தால், அடியில் கொலாஜனை அளவுக்கு மீறி உற்பத்தி செய்துகொண்டிருக்கும் செல்களுக்குப் போகும் தூண்டுதல் தணிகிறது என்பதே இதுவரையிலான விளக்கம். அதாவது, கூடுதலாக வளரும் கொலாஜனை அடக்குவதுதான் அதன் வேலை. குழியில் நடந்திருப்பதோ நேரெதிர்: அங்கே கொலாஜன் போதவில்லை. ஆகவே, மேட்டைத் தணிக்கும் பொருள் பள்ளத்தை நிரப்பும் என்று எதிர்பார்க்க நியாயமில்லை. அட்டைப் பெட்டியில் "பருத் தழும்புக்கு" என்று அச்சிட்டிருந்தாலும், அது எந்த வகைத் தழும்பைச் சொல்கிறது என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

குழியைப் பொறுத்தவரை சிலிகோனுக்கு ஒரே ஒரு நேர்மையான பயன் உண்டு. ஒப்பனைக்கு முன் தடவும் பிரைமர்களில் இருக்கும் டைமெத்திகோன் என்ற சிலிகோன் வகை, பள்ளத்தில் படிந்து ஒளியைப் பரப்பி நிழலை மங்கச் செய்யும். முகம் கழுவும்வரை அது நிற்கும்.

மேடான தழும்புக்கு சிலிகோனை எப்படி, எவ்வளவு நாள் பயன்படுத்துவது?

புண் முழுவதுமாக மூடிய பிறகுதான் தொடங்க வேண்டும். கசியும் புண்ணிலோ சீழ் வைத்த பருவின் மேலோ ஒட்டக் கூடாது. ஜெல்லாக இருந்தால் காலையும் இரவும் மிக மெல்லிய படலமாகத் தடவி, நான்கைந்து நிமிடம் காயவிட வேண்டும். காயாமல் பிசுபிசுத்தால் அளவு அதிகம் என்று பொருள். தோள், மார்பு போன்ற இடங்களில் தாளாக ஒட்டுவது எளிது. நாளுக்கு 12 மணி நேரத்துக்குக் குறையாமல், குறைந்தது இரண்டு மூன்று மாதங்கள் ஒட்டியிருக்க வேண்டும்.

நம் ஊர் வெயிலிலும் புழுக்கத்திலும் தாளுக்கு அடியில் வியர்வை தங்கி வேர்க்குரு போன்ற பொரிகள் வருவதுண்டு. அப்போது இரண்டு நாள் நிறுத்தி, தோல் ஆறியபின் இரவில் சில மணி நேரமாகத் தொடங்கி நேரத்தைக் கூட்டலாம். தாளையும் தோலையும் தினமும் மென்மையான சோப்பால் கழுவிக் காயவைப்பது அவசியம்.

தழும்பு முதலில் இருந்த பருவின் எல்லையைத் தாண்டிப் பரவினாலோ, அரிப்பும் வலியும் கூடினாலோ, அது கெலாய்டாக இருக்கக்கூடும். அந்த நிலையில் சிலிகோனை மட்டும் நம்பிக் காத்திருக்காமல் தோல் மருத்துவரைப் பார்ப்பது நல்லது. தழும்புக்குள்ளேயே ஸ்டீராய்டு ஊசி போடுவது அதற்கான வழக்கமான சிகிச்சை. கெலாய்டு வரும் உடல்வாகு உள்ளவர்கள் வேறு எந்தத் தோல் சிகிச்சைக்கு முன்பும் அதைச் சொல்லிவிட வேண்டும்.

அப்படியானால் பள்ளத்துக்கு வீட்டில் செய்யக்கூடியது எதுவுமே இல்லையா?

உண்டு, ஆனால் அது மசாஜும் அல்ல, சிலிகோனும் அல்ல. வைட்டமின் ஏ குடும்பத்தைச் சேர்ந்த ரெட்டினாய்டு மருந்துகள் இரவில் தடவப்படுபவை. அவை புதுப் பருக்களைக் குறைப்பதோடு நடு அடுக்கில் கொலாஜன் உருவாவதையும் தூண்டுகின்றன. அடாபலீன் என்ற ரெட்டினாய்டு 0.3 சதவீதமும் பருவுக்குத் தடவும் 2.5 சதவீத பென்சாயில் பெராக்சைடும் கலந்த ஜெல்லை முகத்தின் ஒரு பாதியில் மட்டும் 24 வாரங்கள் தடவிப் பார்த்த ஆய்வு ஒன்றில், அந்தப் பாதியில் பள்ளத் தழும்புகளின் எண்ணிக்கை குறைந்தது. மருந்தில்லாத வெறும் ஜெல் தடவிய பாதியிலோ எண்ணிக்கை கூடியது. நம் தோல் நிறத்துக்கு நெருக்கமான சான்றும் இருக்கிறது. சண்டிகரில் உள்ள முதுநிலை மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிலையத்தில் 36 பேரிடம், ஒரு கன்னத்தில் டாசரோடீன் என்ற ரெட்டினாய்டின் 0.1 சதவீத ஜெல்லும், மறு கன்னத்தில் நுண்ணிய ஊசிகளால் தோலைக் குத்தும் மைக்ரோநீட்லிங் சிகிச்சையும் என்று ஒப்பிட்டு 2019இல் முடிவை வெளியிட்டார்கள். இரு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அளவில்தான் தேறின.

இவற்றை மருத்துவர் எழுதித்தந்த பிறகே பயன்படுத்த வேண்டும். முழு முகத்துக்கும் ஒரு பட்டாணி அளவு போதும். முதல் இரண்டு மூன்று வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் தடவினால் உரிதலும் எரிச்சலும் தாங்கும்படி இருக்கும். கருவுற்றிருப்பவர்களும் கருத்தரிக்கத் திட்டமிடுபவர்களும் ரெட்டினாய்டைத் தடவக் கூடாது. பகலில் எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத சன்ஸ்கிரீனைத் தவறாமல் பூச வேண்டும். சற்று நிறமூட்டிய சன்ஸ்கிரீனில் இருக்கும் இரும்பு ஆக்சைடு, கறையைக் கருக்கவைக்கும் கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் தடுக்கிறது.

ஓர் எச்சரிக்கையை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மருந்துக் கடையில் "தழும்பு க்ரீம்" என்று கேட்டால், ஸ்டீராய்டும் ஹைட்ரோகுவினோனும் ட்ரெட்டினாயினும் கலந்த மூன்று மருந்துக் கலவையை எடுத்துக் கொடுப்பது இன்னும் நடக்கிறது. இரண்டு வாரத்தில் முகம் வெளுத்துப் பளபளக்கும். மாதங்கள் போகப் போகத் தோல் மெலிந்து, இரத்தக் குழாய்கள் தெரிந்து, க்ரீமை நிறுத்தியதும் முகம் எரிந்து பரு கொப்பளிக்கும். ஏற்கெனவே மெலிந்திருக்கும் தழும்புக்கு அதைவிடப் பொருந்தாத மருந்து கிடையாது. எலுமிச்சைச் சாறும் வேண்டாம். அதைத் தடவிக்கொண்டு வெயிலில் போனால் தோல் வெந்து கறுத்துவிடக்கூடும்.

மருத்துவமனையில் செய்யும் சிகிச்சைகளில் எனக்கு எது பொருந்தும்?

பள்ளத்தின் வகைதான் அதைத் தீர்மானிக்கும். அடியிலிருந்து நார் இழுக்கும் அலைப் பள்ளத்துக்கு சப்சிஷன் பொருந்தும். மரத்துப்போக ஊசி போட்டு, தோலுக்கு அடியில் சிறிய ஊசி நுனியை நுழைத்து, இழுத்துப் பிடித்திருக்கும் நாரை அறுத்துவிடுவார்கள். முகம் ஓரிரு வாரம் கன்றியும் வீங்கியும் இருக்கும். ஒரே முறையில் முடிவதும் அரிது.

ஆழமில்லாத பெட்டிக் குழிகள் பரவலாக இருந்தால் மைக்ரோநீட்லிங் செய்யலாம். மரத்துப்போகும் க்ரீமைத் தடவி முக்கால் மணி நேரம் காத்திருந்து, 1.5 முதல் 2.5 மில்லிமீட்டர் நீள ஊசிகளால் மீண்டும் மீண்டும் குத்தி, பொடிப்பொடியாக இரத்தம் துளிர்க்கும் நிலையில் நிறுத்துவார்கள். நான்கு முதல் ஆறு வார இடைவெளியில் மூன்று முதல் ஆறு முறை தேவைப்படும். மேல் தோலைச் சுட்டுவிடாமல் உள்ளே காயம் செய்வதால், கறுத்த தோலில் இது லேசரைவிடப் பாதுகாப்பானது. தோலைப் புள்ளிப் புள்ளியாகச் சுடும் பின்னமுறை கார்பன் டை ஆக்சைடு லேசர் சற்றுக் கூடுதல் பலன் தரலாம். ஆனால் மாநிறத் தோலில் சிகிச்சைக்குப் பின் வாரக்கணக்கிலும் சிலருக்கு மாதக்கணக்கிலும் கருமை படியும் வாய்ப்பு கணிசமானது. இந்த வாய்ப்பைப் பற்றி வாயே திறக்காமல் லேசரை மட்டும் பரிந்துரைக்கும் இடத்தில் சிகிச்சை எடுத்துக்கொள்ளத் தயங்குவது சரிதான்.

குத்துத் துளைகளுக்கு இவை எதுவும் எட்டுவதில்லை. அடர்த்தியான ட்ரைகுளோரோ அசிட்டிக் அமிலத்தைத் துளைக்குள் மட்டும் துளியாக வைப்பதோ, சிறு வட்டக் கத்தியால் துளையையே வெட்டி எடுத்துத் தைப்பதோ அவற்றுக்கான முறைகள். அந்த அமிலம் வலைத்தளங்களில் விற்கிறது என்பதற்காக வீட்டில் முயல்வது முகத்தைச் சுட்டுக்கொள்வதற்குச் சமம்.

ஒருவருக்கு இதெல்லாம் எந்த வரிசையில் நடக்கும்?

26 வயதான மாநிறப் பெண் ஒருவரை எடுத்துக்கொள்வோம். இரு கன்னங்களிலும் அலைப் பள்ளங்கள், நெற்றியோரத்தில் நான்கு குத்துத் துளைகள், தாடையில் இரண்டு தடித்த மேடுகள், எங்கும் கருங்கறை, இவற்றோடு மாதம் மூன்று நான்கு புதுப் பருக்கள். ஆறு மாதமாகக் கன்னம் முழுவதும் சிலிகோன் ஜெல் தடவி, இரவில் தேங்காய் எண்ணெய் விட்டு மசாஜும் செய்கிறார்.

முதல் வேலை எண்ணெய் மசாஜை நிறுத்துவது. சிலிகோன் தாடையிலிருக்கும் அந்த இரண்டு மேடுகளுக்கு மட்டும் என்று சுருங்குகிறது. இரவில் ரெட்டினாய்டு, பகலில் சன்ஸ்கிரீன் என்று நான்கு மாதம் போனபின், புதுப் பரு ஏறக்குறைய நின்று, கறையும் மங்கியிருக்கும். இப்போது டார்ச் வெளிச்சத்தில் எண்ணினால், தழும்பு என்று அவர் நினைத்தவற்றில் பல காணாமல் போயிருக்கும்; அவை கறைகளாகவே இருந்தவை. மிஞ்சிய பள்ளங்களில் அடியில் பிடிப்புள்ளவற்றுக்கு ஐந்தாம் மாதம் சப்சிஷன், பிறகு மாதத்துக்கு ஒன்றாக நான்கு மைக்ரோநீட்லிங். கடைசி முறை முடிந்தபிறகும் கொலாஜன் மூன்று முதல் ஆறு மாதம் வரை மெல்ல உருவாகும் என்பதால், முடிவை ஓராண்டுக்கு மேல் கழித்துத்தான் மதிப்பிட முடியும். அப்போது கன்னத்துப் பள்ளங்களின் நிழல் பாதியளவு குறைந்திருந்தால் அது நல்ல பலன். நெற்றியோரத் துளைகள் தனியாகக் கவனிக்கப்படும்வரை அப்படியே இருக்கும்.

ஒவ்வொரு மாதமும் அதே ஜன்னலருகே, அதே நேரத்தில், ஒப்பனையில்லாமல் ஒரு படம் எடுத்துவைப்பது அவருக்குப் பெரிதும் உதவும். நாள்தோறும் கண்ணாடி பார்க்கும் கண்ணுக்கு மெதுவான மாற்றம் தெரிவதில்லை.

டெர்மா ரோலர் வாங்கி வீட்டிலேயே உருட்டலாமா?

கடையில் கிடைக்கும் 0.2, 0.3 மில்லிமீட்டர் ஊசிகள் கொலாஜன் இருக்கும் அடுக்கைத் தொட்டுத் தூண்டப் போதாது. நீளமான ஊசிகளை வீட்டில் பயன்படுத்தினால் கிருமித் தொற்றும், உருட்டிய வழியெல்லாம் கோடு கோடாகக் கருமையும் வரலாம். பரு உள்ள இடத்தில் உருட்டினால் சீழைப் பக்கத்துத் தோலுக்கும் பரப்புவீர்கள். வாங்கியிருந்தாலும் பயன்படுத்தாமல் விட்டுவிடுங்கள்.

எவ்வளவு செலவழித்தாலும் மாறாதது எது?

தழும்புத் திசு மறுபடி பழைய தோலாக ஆவதில்லை. இயல்பான தோலில் கொலாஜன் இழைகள் கூடை முடைந்ததுபோல் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னியிருக்கும். தழும்பில் அவை ஒரே திசையில் கற்றையாகக் கிடக்கும். அழிந்துபோன மயிர்க்கால்களும் எண்ணெய்ச் சுரப்பிகளும் அந்த இடத்தில் மீண்டும் முளைப்பதில்லை. ஆகவே பள்ளம் மேலெழுந்த பிறகும், அருகிலிருந்து பார்த்தால் அந்த இடத்தின் மேற்பரப்பு சற்று வழவழப்பாகவோ வெளிறியோ வேறுபட்டுத் தெரியும். நிறமி செல்களே போய் வெளுத்துவிட்ட தழும்பை எந்தக் க்ரீமும் மீண்டும் மாநிறமாக்காது. வயது ஏறக் கன்னத்தின் கொழுப்பு குறையும்போது, இளமையில் மங்கியிருந்த பள்ளம் சற்று அழுத்தமாகத் தெரியலாம். ஹையலுரானிக் அமில ஃபில்லரால் நிரப்பிய பள்ளமும் ஏறத்தாழ ஓராண்டில் மெல்லப் பழைய நிலைக்குத் திரும்பும்.

ஓரத்தின் கூர்மையும் ஆழமும்தான் மாறக்கூடியவை. எதிரில் அமர்ந்து பேசுபவரின் கண்ணில் படுவது நிழல். நிழலைத் தருவது ஓரம். சிகிச்சை அந்த ஓரத்தை மழுங்கச் செய்கிறது.

இரண்டு மாதத்தில் எனக்குத் திருமணம். இப்போது என்ன செய்வது?

புதிதாக லேசரோ சப்சிஷனோ இப்போது தொடங்க வேண்டாம். இரண்டு மாதத்தில் கொலாஜன் வளர்ந்து முடியாது. கருமை படிந்தால் அது மறையவும் நேரம் போதாது. ரெட்டினாய்டு ஏற்கெனவே பழகியிருந்தால் தொடரலாம். முதன்முறையாக என்றால் உரியும் காலம் நிச்சயதார்த்தத்தோடு மோதிவிடும். புது ஃபேஷியல்களையும் தவிருங்கள்.

அன்றைய தினத்துக்கு டைமெத்திகோன் உள்ள பிரைமரைப் பள்ளம் உள்ள இடங்களில் மட்டும், தேய்க்காமல், விரல் நுனியால் தட்டித் தட்டிப் படியவையுங்கள். இரண்டு நிமிடம் விட்டு, மினுமினுப்பில்லாத ஃபவுண்டேஷனை மெல்லியதாகப் பூசச் சொல்லுங்கள். மினுங்கும் ஹைலைட்டர் பள்ளத்தின் ஓரத்தை எடுத்துக்காட்டும். படமெடுப்பவரிடம் வீடியோ விளக்கைப் பக்கவாட்டில் வைக்காமல், முகத்துக்கு நேராக, கண்ணுயரத்துக்குச் சற்று மேலே வைக்கும்படி முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு வாரம் முன்பே ஒருமுறை முழு ஒப்பனையும் செய்து, நான்கு மணி நேரம் வியர்வையோடு இருந்து பார்த்துவிட்டால், பிரைமர் எங்கே திரள்கிறது என்று தெரிந்துவிடும்.